பஸ் 7:20-க்கு: காலை நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதலில் எங்கள் வீட்டைப் பற்றி. குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை, ஒரே பாத்ரூம். மகள் ஆறாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு, இருவருக்கும் ஒரே பள்ளிப் பேருந்து. நான் எட்டேகால் வாக்கில் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். கணவர் பைக்கில் எட்டு மணிக்குக் கிளம்புவார். கீழே உள்ள நிமிடங்கள் எல்லாம் இந்த வீட்டில் அளந்தவை. உங்கள் வீட்டில் எண்கள் மாறும், எண்ணும் முறை மாறாது.

எங்களுக்கு பஸ் 7:20. எத்தனை மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும்?

எழும் நேரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். அது கணக்கில் கடைசியாக வரும் விடை. நான் பல மாதங்கள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். 5:45-க்கு அலாரம் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வேலையாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 7:10-க்கு எல்லாம் முடிந்துவிடும் என்று தாளில் வந்தது. நடப்பில் தினமும் 7:17-க்கு ஒரு கையில் பை, ஒரு கையில் ஷூவோடு தெருவில் ஓடினோம்.

பின்னாலிருந்து எண்ணும்போது முதல் கேள்வியே வேறாக இருக்கும்: பஸ் உண்மையில் எப்போது வருகிறது? இரண்டு வாரம் போனில் குறித்து வைத்தேன். 7:20 என்று சொன்ன பஸ் 7:16-க்கும் வந்தது, 7:26-க்கும் வந்தது. அப்படியென்றால் நமக்கு பஸ் நேரம் 7:16 தான். சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் வாரத்தில் இரண்டு நாள் பஸ் போய்விடும். அதனால் ஸ்டாப்பில் நிற்க வேண்டிய நேரம் 7:15. அடுத்தது நடை. நான் தனியாகப் போனால் நாலு நிமிடம். ஆறு வயதுப் பையனோடு போனால், வழியில் ஒரு நாய்க்குட்டி, ஒரு தண்ணீர் லாரி எல்லாம் பார்த்து ஏழு நிமிடம். ஆக வாசலைத் தாண்ட வேண்டியது 7:08.

மொத்தத்தையும் ஒரே இடத்தில் போட்டுக் காட்ட முடியுமா?

மேலிருந்து கீழே படித்தால் நேரம் பின்னோக்கிப் போகும்.

7:15 – ஸ்டாப்பில்.
7:08 – வாசலைத் தாண்டுவது.
7:00 – சாப்பாடு முடிந்து வாசல் நேரம் தொடக்கம்: பாத்ரூம், ஷூ, ஐடி கார்டு.
6:40 – இருவரும் தட்டின் முன்னால்.
6:33 – மகன் குளித்து வெளியே. அப்பா உடை மாட்டுகிறார்.
6:28 – மகளுக்குப் பின்னல் தொடக்கம்.
6:20 – பாத்ரூம் மகளிடமிருந்து மகனுக்குக் கை மாறுகிறது.
6:16 – மகனை எழுப்புவது.
6:00 – மகளை எழுப்புவது.
5:43 – கணவர் குளியல்.
5:30 – நான் எழுவது. கீசர், குக்கர், மாவை வெளியே எடுப்பது.

நான் குளிப்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது 7:10-க்கு, பிள்ளைகள் போன பிறகு. பஸ்ஸோடு சம்பந்தம் இல்லாத எதுவும் 7:08-க்கு முன்னால் இருக்கக் கூடாது. இதை முடிவு செய்த அன்றே பாத்ரூமில் பதினைந்து நிமிடம் மிச்சமானது.

ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியும். அளந்து பார்க்கத்தான் வேண்டுமா?

எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். இரட்டைப் பின்னலுக்கு ஐந்து நிமிடம் என்று எழுதியிருந்தேன். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் முதல் நாள் பதினொன்று, அடுத்த நாள் பத்து. பின்னுவது என்னவோ ஐந்து நிமிடம்தான். சிக்கெடுக்க நாலு, ரிப்பன் தேட இரண்டு. ராத்திரியே எண்ணெய் தொட்டுச் சிக்கெடுத்து ஒற்றைப் பின்னலாகப் போட்டுப் படுக்க வைத்தேன். ரிப்பனைச் சீப்பிலேயே சுற்றி வைத்தேன். இப்போது ஏழு நிமிடம், சில நாள் எட்டு.

ஆனால் அளந்ததில் கண்ட பெரிய விஷயம் பின்னல் அல்ல. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் கரையும் நேரம்தான். குளித்து முடித்த பையன் துண்டோடு ஃபேனுக்குக் கீழே நின்று எதையோ யோசித்துக்கொண்டிருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் ‘வரேன்’ என்று பதில் வரும், ஆள் வராது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். எழுந்ததிலிருந்து வாசல் வரை ஆறு இடத்தில் இப்படி நடந்தால் பன்னிரண்டு நிமிடம். என் பழைய தாளில் விட்டுப்போனது இந்த நேரம்தான். அதனால் மேலே உள்ள கணக்கில் ஒவ்வொரு வேலையையும் நீட்டிப் போடவில்லை; வேலைகளுக்கு நடுவில் இரண்டு நிமிடம் விட்டிருக்கிறேன். மகனின் உடை ஐந்து நிமிடம்தான், ஆனால் 6:33-லிருந்து 6:40 வரை இருக்கிறது.

மூன்று நாள் அளந்தால் போதும். திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள், அன்று எந்த வீட்டிலும் எதுவும் சரியாக நடக்காது.

ஒரே பாத்ரூம், நாலு பேர். இங்கேதான் எல்லாம் மாட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

அப்படியானால் உங்கள் வீட்டு அட்டவணை சமையலறையில் இல்லை, பாத்ரூம் கதவில் இருக்கிறது. முதலில் அதற்கு வரிசை போட்டுவிட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். பல் தேய்ப்பதை வெளியே வாஷ்பேசினுக்குக் கொண்டுவந்துவிடலாம். உடை மாற்றுவதையும் உள்ளே அனுமதிக்காதீர்கள்.

எங்கள் வரிசை: கணவர், மகள், மகன். பெரியவளை முதலில் எழுப்புவதற்குக் காரணம், அவள் குளித்து வந்த பிறகு பின்னல் இருக்கிறது. மகனுக்குக் குளியலுக்குப் பின் பெரிதாக ஒன்றும் இல்லை. குளித்த பிறகு யாருக்கு அதிக வேலை மிச்சம் இருக்கிறதோ அவர் முதலில் போக வேண்டும். சின்னவன் நேரம் எடுப்பான், அவனை முதலில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் அவன் 6:20-க்கே தயாராகி, யூனிஃபார்மோடு தரையில் உருண்டு சட்டையைக் கசக்கிக்கொண்டிருப்பான்.

வெந்நீருக்கு ஒரு கணக்கு. பதினைந்து லிட்டர் கீசர், 2000 வாட் என்றால், சாதாரணத் தண்ணீர் குளிக்கும் அளவுக்கு மேல் சூடாக சுமார் பன்னிரண்டு நிமிடம் ஆகும். 5:30-க்குப் போட்டால் 5:42-க்குத் தயார். கணவர் குளித்து முடித்ததும் மறுபடி சூடாக அதே நேரம் வேண்டும். மகள் 6:10-க்குத்தான் குளிக்கிறாள் என்பதால் சரியாக இருக்கிறது. இருபத்தைந்து லிட்டர் கீசராக இருந்தால் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஏப்ரல், மே மாதத்தில் இந்தப் பேச்சே இல்லை. மாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே சுட்டுக்கொண்டு வரும்.

எல்லாம் சரியாகப் போய், ஷூ போட்ட பிறகு ‘அம்மா, பாத்ரூம் போகணும்’ என்கிறான். தினமும் இதே கதை.

வேண்டுமென்று செய்வதில்லை. வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும். எல்லோருக்கும் உள்ள இயல்பு, குழந்தைகளுக்குக் கொஞ்சம் வேகமாகவே தெரியும். சாப்பிட்டு கால் மணி நேரத்துக்குள் அவசரம் வருவது அதனால்தான்.

இரண்டு வழி உண்டு, நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். எழுந்தவுடன் இளஞ்சூடாகக் கொஞ்சம் பாலோ வெந்நீரோ கொடுத்தால் பாதி நாள் அந்த வேலை குளிக்கும் முன்பே முடிந்துவிடும். மீதி நாளுக்காகத்தான் 7:00-லிருந்து 7:08 வரை ‘வாசல் நேரம்’. அந்த எட்டு நிமிடமும் பாத்ரூம் காலியாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெரியவர் யாரும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடக் கூடாது. (எங்கள் வீட்டில் இது யாரைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.) ஷூவைப் பாத்ரூம் கேள்வி முடிந்த பிறகே மாட்டுங்கள். லேஸ் அவிழ்த்து மறுபடி கட்டுவது மட்டும் மூன்று நிமிடம்.

கையிருப்பாக வைக்கும் நிமிடங்களை இப்படி வாசலுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுந்தால் அந்தப் பத்து நிமிடம் ஆறரை மணிக்கு முன்பே எங்கேயோ போய்விடும்.

சமையலை எப்படி இதில் நுழைப்பது? சூடாகக் கட்டிக் கொடுத்தால் சாதம் வேர்த்துவிடுகிறது என்கிறாள் மகள்.

வேர்ப்பது மூடியில் தங்கும் ஆவி. ஆறாமல் மூடினால் ஆவி நீராகிச் சாதத்தின் மேலேயே சொட்டும்; மதியம் திறக்கும்போது பிசுபிசுப்பும் ஒரு வாடையும் இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். ஆகவே சமையலிலும் பின்னாலிருந்துதான் எண்ண வேண்டும். டப்பா மூட வேண்டியது 6:45. அதற்குமுன் தட்டில் பரப்பி ஆற வைக்கவும், கலந்த பின் திறந்தே வைக்கவும் சேர்த்து அரை மணிக்கு மேல் வேண்டும். அப்படியானால் குக்கர் 6:00-க்குத் திறந்திருக்க வேண்டும்.

இங்கே பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மூன்று விசில் வந்ததும் சாதம் தயார் என்று எழுதிக்கொள்வார்கள். விசில் வரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கப் பத்து நிமிடம். வெயிட்டைக் கரண்டியால் தூக்கிவிட்டு அவசரப்படுத்தினால் கஞ்சி பீறிட்டு அடுப்பெல்லாம் வழியும். துடைக்க அதைவிட நேரம். 5:35-க்கு ஏற்றினால் 6:00-க்குத் திறக்கலாம்.

ஒரு புதன்கிழமையை அப்படியே சொல்கிறேன். மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். காலை டிபன் இட்லி, தேங்காய்ச் சட்னி. எழுந்ததும் மாவை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வைத்துவிட்டேன். சில்லென்று ஊற்றினால் வேகக் கூடுதல் நேரம் எடுக்கும், நடுவில் மாவாகவே நிற்கும். ராத்திரியே நறுக்கித் தண்ணீரில் போட்டு வைத்த உருளைக்கிழங்கை 5:45-க்கு வாணலியில் போட்டேன். 6:02-க்குச் சாதத்தைத் தட்டில் கொட்டி, நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டுக் கிளறி ஃபேனுக்கு அடியில் வைத்தேன். 6:15-க்கு இட்லிப் பானையில் தண்ணீர். 6:20-க்குத் தட்டு உள்ளே போனது, அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் தாளித்துச் சாதம் கலந்தேன். 6:28-க்குப் பின்னலுக்குப் போக வேண்டியிருந்ததால், இட்லி அடுப்பை 6:32-க்கு அணைக்கும் வேலை கணவருடையது. அவர் மகனைத் துவட்டிக்கொண்டிருந்ததால் 6:35 ஆனது. இட்லி ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மூன்று நிமிடம் ஆற விட்டுத் தண்ணீர் தெளித்து எடுத்தால் ஒட்டாமல் வரும். 6:40-க்குத் தட்டில். தோசையாக இருந்தால் இந்தக் கணக்கு உடையும். தோசைக்கு ஒருவர் அடுப்பிலேயே நிற்க வேண்டும், இட்லி தானாக வேகும். எங்கள் வீட்டில் தோசை சனி, ஞாயிறு மட்டும்.

தயிர்சாதம் கட்டும் நாளில் பால் அதிகமாகவும் தயிர் ஒரு கரண்டியாகவும் விடுங்கள். மதியத்துக்குள் அது தானே தோய்ந்து தயிராகும், புளிக்காது. ஆனால் சாதமும் பாலும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே தயிர் சேர்க்க வேண்டும்.

என் கணவர் உதவிக்கு வருகிறார். ஆனால் ‘நான் என்ன பண்ணட்டும்?’ என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறார்.

உதவி என்று வைத்தால் அப்படித்தான் ஆகும். வேலைகளைப் பங்கு போடாமல் பாதைகளைப் பங்கு போடுங்கள். அடுப்பும் டப்பாக்களும் ஒருவர். எழுப்புவது, குளியல், உடை, ஸ்டாப் வரை போவது இன்னொருவர். பிள்ளைகள் பாதையில் இருப்பவர் ‘சாக்ஸ் எங்கே?’ என்று சமையலறையைப் பார்த்துக் கேட்கக் கூடாது. அவர்தான் தேட வேண்டும், முந்தின நாள் எடுத்து வைத்திருக்க வேண்டியவரும் அவரே. எங்களிடம் பாதை மாறும் ஒரே இடம் பின்னல். மாதக் கடைசியில் எனக்கு ஆபீஸில் கணக்கு முடிக்கும் வாரம், அப்போது பாதைகளை முழுதாக மாற்றிக்கொள்வோம். அந்த வாரம் மதியத்துக்குத் தக்காளிச் சாதம் இரண்டு நாள் வரும், மகளுக்குப் போனிடெயில். வகுப்பு மிஸ் ஒருமுறை டைரியில் எழுதி அனுப்பினார். கணவர் அந்த ஞாயிறே உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொண்டார்; இடது பக்கம் இன்னும் கொஞ்சம் தளர்வாகத்தான் வருகிறது.

எழுப்பினால் எழுந்திருப்பதே இல்லை. பதினைந்து நிமிடம் அதிலேயே போகிறது.

கணக்கை இன்னும் பின்னால், முந்தின ராத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. 6:00-க்கு எழ வேண்டிய மகள் 9:00-க்குத் தூங்கியிருக்க வேண்டும். படுக்கையில் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, தூங்கியிருக்க வேண்டும். அப்படியானால் விளக்கணைப்பது 8:40, ராத்திரிச் சாப்பாடு 7:45.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதுதான் உண்மையில் கஷ்டம். நான் வீட்டுக்குள் நுழையவே ஏழாகிவிடும். கணவர் எட்டுக்குத்தான் வருவார், பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருக்க அவருக்கும் ஆசை. அதனால் ராத்திரி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதை வார நாளில் விட்டுவிட்டோம். பிள்ளைகள் முன்னால் சாப்பிடுவார்கள், அப்பா வந்து கதை சொல்லித் தூங்க வைப்பார். உங்களுக்கு இது ஒத்து வராமல் போகலாம். ஆனால் 10:15-க்குத் தூங்கிய குழந்தையை 6:00-க்கு எழுப்பும் வித்தை ஏதும் எனக்குத் தெரியாது.

ராத்திரியே செய்து வைக்க வேண்டியவை என்னென்ன?

காலையில் எதைத் தேடுவீர்களோ அதையெல்லாம். யூனிஃபார்ம், பெல்ட், சாக்ஸ் ஒரே நாற்காலியில். விளையாட்டுப் பாடம் உள்ள நாள் வெள்ளை ஷூ என்றால் அதை முந்தின ராத்திரியே வாசலில் வையுங்கள், கறுப்பு ஷூவை உள்ளே மறைத்துவிடுங்கள். ஐடி கார்டு ஷூவுக்குள் போகட்டும். அதை எடுக்காமல் காலை நுழைக்க முடியாது. டைரியில் கையெழுத்து, டைம்டேபிள்படி பை, தண்ணீர் பாட்டில், துருவிய தேங்காய்.

இன்னொன்று, ‘நாளைக்கு ஏதாவது கொண்டு போகணுமா?’ என்று கேட்க வேண்டியது ராத்திரி அல்ல, வீட்டுக்கு வரும் வழியில் போனில். சார்ட் பேப்பர் வேண்டும் என்பது ஒன்பது மணிக்குத் தெரிந்தால் கடை சாத்தியிருக்கும்.

வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைக்கலாமா?

வேண்டாம். மூன்றாம் நாளே எல்லோரும் மனதில் பத்தைக் கழித்துவிடுவார்கள், யார் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதில் சண்டை வரும். சரியான நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று சாப்பிடும் இடத்துக்கு எதிரே இருந்தால் போதும். மணி பார்க்கத் தெரியாத மகனுக்கு ‘பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்தால் தட்டைக் கொண்டு போய்ப் போடணும்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். மிச்சம் இருந்தாலும் எடுத்துவிடுவோம். முதல் வாரம் அரை இட்லி, முக்கால் இட்லி என்று மிச்சமானது. ஸ்னாக்ஸ் டப்பாவில் ஒரு வாழைப்பழம் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான்.

பஸ் போயே விட்டது. அப்புறம்?

அதையும் முன்பே முடிவு செய்து வையுங்கள். 7:30 வரை பஸ் வராவிட்டால், பஸ் ஆயாவுக்கு ஒரு போன். போய்விட்டது என்று தெரிந்தால் உடனே ஆட்டோ. பஸ்ஸைத் துரத்தி அடுத்த ஸ்டாப்புக்குப் பைக்கில் போவது நாங்களும் ஒருமுறை செய்தோம், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு. அது சட்டப்படியும் தப்பு. ஓட்டுபவர் தவிர பின்னால் ஒருவர்தான் உட்காரலாம், நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம். ஒரு குழந்தை மட்டும் என்றால் பைக் சரி. குழந்தை ஹெல்மெட்டை வாசலருகே ஆணியில் மாட்டி வையுங்கள், அலமாரிக்கு மேலே அல்ல.

இந்த அட்டவணையை எப்போது திருத்த வேண்டும்?

ஜூனில் பள்ளி திறந்ததும் கட்டாயம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளால் ஸ்டாப்புகள் மாறும், முதல் இரண்டு வாரம் பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அந்த நாட்களில் ஐந்து நிமிடம் முன்னதாக நின்று, வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அடுத்தது வடகிழக்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. எங்கள் தெருமுனையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போக வேண்டும், நடை ஏழிலிருந்து பதினொன்றாகும். ரெயின்கோட் மாட்ட இன்னும் இரண்டு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தைத் தூக்கத்தில் கை வைக்காமல், மழை மாதங்களில் டிபனை உப்புமா, பிரெட் என்று மாற்றி 6:34-க்கே தட்டு வைத்து எடுத்துக்கொள்கிறோம். அன்று பின்னலும் மகனுக்கு உடை மாட்டுவதும் சாப்பிடும்போதே நடக்கும். மகள் திட்டிக்கொண்டே சாப்பிடுவாள்.